ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் வருடச் சம்பள உயர்வை எப்படி முடிவு செய்வது?

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சி.என்.சி., ஒரு சென்டர் லேத், ஒரு டிரில்லிங் மெஷின். என்னைத் தவிர ஐந்து பேர். பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம்.

முதல் ஆறு வருடம் நான் சம்பளம் ஏற்றிய விதம் இதுதான்: தீபாவளிக்கு முந்தின வாரம் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவேன். யார் முகம் நல்லபடியாக நினைவுக்கு வருகிறதோ அவருக்கு 1,500, மற்றவருக்கு 1,000. போனஸ் கவர் கொடுக்கும்போதே காதோடு காதாகச் சொல்லிவிடுவேன். ஐந்து பேர் பட்டறையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மாலை டீ வருவதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். “அவருக்கு ஏன் 500 கூட?” என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

இப்போது நான் எந்தத் தொகையைக் கொடுத்தாலும், அதற்கான காரணத்தை மற்ற நால்வர் முன்னாலும் சொல்ல முடியுமா என்றுதான் பார்க்கிறேன். அந்த நிலைக்கு வர என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு, செய்கிற வேலையை வைத்தே ஆட்களைக் குறிப்பிடுகிறேன்.

போனஸையும் சம்பள உயர்வையும் பிரியுங்கள்

போனஸ் என்பது முடிந்துபோன வருடத்தின் கணக்கு. சட்டம் போனஸுக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் பட்டறைக்கு அது கட்டாயமா இல்லையா என்பது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சம்பள உயர்வு அப்படியல்ல. அது வரப்போகும் பன்னிரண்டு மாதமும் நீங்கள் கொடுக்கப்போவது. இரண்டையும் ஒரே கவரில் போட்டால் வாங்குகிறவருக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். போனஸ் கொஞ்சம் குறைந்த வருடத்தில் சம்பளத்தை ஏற்றிச் சமாளிப்பது, சம்பளம் ஏற்ற முடியாத வருடத்தில் போனஸைக் கூட்டுவது என்று போய், கடைசியில் எது எதற்கு என்றே தெரியாமல் போய்விடும்.

நான் போனஸைத் தீபாவளிக்கே விட்டுவிட்டு, சம்பள உயர்வை ஏப்ரலுக்கு மாற்றினேன். மார்ச்சில் வருடக் கணக்கு முடிவதால் எவ்வளவு தாங்கும் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். குறைந்தபட்சக் கூலிக்கான அகவிலைப்படியும் தமிழ்நாட்டில் ஏப்ரல் 1-இலிருந்துதான் மாறுகிறது. நம் பட்டறையில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கோட்டுக்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்வது சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது. அதைச் சம்பள உயர்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்று, அட்வான்ஸ். மகள் கல்யாணத்துக்கு 50,000 முன்பணம் வாங்கியவர் மாதம் 2,000 பிடித்தம் கொடுத்துக்கொண்டிருப்பார். “ஏற்கெனவே அவ்வளவு கொடுத்திருக்கிறோமே” என்று மனசு சொல்லும். அது கடன், திரும்பி வருகிற பணம். உயர்வுக் கணக்கில் அதற்கு இடமில்லை.

நோட்டு

நம் ஞாபகம் ரொம்ப மோசமான சாட்சி. மார்ச்சில் உட்கார்ந்து ஒருவரைப் பற்றி யோசித்தால் ஜனவரிக்கு முன்னால் நடந்தது எதுவும் வராது. பிப்ரவரியில் ஒருநாள் டூல் உடைத்தது மட்டும் பளிச்சென்று நிற்கும். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி, ஆளுக்கு இருபது பக்கம் ஒதுக்கினேன். புதன், சனி இரண்டு நாளும் பட்டறை மூடும்போது ஐந்து நிமிடம் எழுதுவேன்.

எழுதுவதில் ஒரே கட்டுப்பாடு: நடந்ததை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. “பொறுப்பில்லை” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அது எதற்குமே உதவாது. “ஜூன் 12. 40 நிமிடம் லேட். போன் பண்ணிச் சொன்னார்.” “ஜூலை 3. ஃபிளாஞ்சில் ட்ராயிங் நம்பர் பழசு என்று வேலை தொடங்கும் முன்னாலேயே கண்டுபிடித்தார். 200 பீஸ் தப்பியது.” இப்படி எழுதினால் போதும்.

முதல் வருடம் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பக்கம் முழுக்கத் தவறுகள்தான். ஒழுங்காக நடக்கிற வேலை கண்ணில் படுவதே இல்லை, இடறுவது மட்டும்தான் படுகிறது. அப்புறம் ஒவ்வொருவர் பக்கத்திலும் மாதம் ஒரு நல்ல வரியாவது இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன். தேடினால் கிடைக்காமல் போனதில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது அவரவர் பக்கத்தை அவரவரிடம் காட்டிவிடுவேன். “இல்லைங்க, அன்னைக்குக் கரண்ட் இல்லை” என்றால் அதையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம். ஏப்ரலில் அவர் முதல்முறையாகக் கேள்விப்படுகிற குற்றச்சாட்டு என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இதைப் படிக்கும்போது பிப்ரவரி என்றால், நோட்டு இல்லையே என்று ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டாம். வருகைப் பதிவேடு, கஸ்டமர் அனுப்பிய ரிஜெக்ஷன் நோட், டெலிவரி சலான், டூல் வாங்கின பில் என்று எல்லாம் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கும். அவற்றை வைத்துக் கடைசி ஆறு மாதத்துக்காவது எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்குத்தான் பார்த்தேன் என்று அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

யார் கையில் இருந்த தவறு?

இந்த இடத்தில்தான் நான் அதிகமாகத் தப்புப் பண்ணியிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது சி.என்.சி.யை ஓட்டுகிற தம்பி ஒரு ஆகஸ்ட் மாதம் வார்ப்பிரும்பு புஷ் 2,400 ஓட்டினான். அதில் 140 ரிஜெக்ட். பழைய நானாக இருந்தால் “மாசம் 140 பீஸைக் கெடுத்தவன்” என்று தலையில் எழுதிவைத்திருப்பேன். இந்தமுறை 140-ஐயும் தட்டில் கொட்டிப் பிரித்தோம்.

86 பீஸில் புளோஹோல். கடைந்த பிறகு உள்ளே ஓட்டை தெரிகிறது. அது ஃபவுண்டரியிலேயே வந்த கோளாறு, ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் வந்திருக்கும். 31 பீஸில் போரும் வெளிவட்டமும் சென்டர் விலகியிருந்தன. சக்கின் ஜா தேய்ந்துவிட்டது. நோட்டைப் பார்த்தால், “ஜா தேய்ந்திருக்கிறது என்று சொன்னான்” என்று 4-ஆம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது. நான் புது ஜா வாங்கிப் போட்டது 19-ஆம் தேதி. ஆக அந்த 31-உம் என் கணக்கு. மிச்சம் 23 பீஸ்தான் அவன் கணக்கு. இன்செர்ட் மாற்றியபின் ஆஃப்செட்டைச் சரியாகப் போடாமல் போர் அளவு கூடிவிட்டது. 2,400-க்கு 23 என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு புதிதல்ல. காஸ்டிங் கோளாறு வேறு, மெஷினிங் கோளாறு வேறு என்று தனித்தனியாகக் காட்டித்தான் கஸ்டமரிடம் டெபிட் நோட்டுக்குச் சண்டை போடுகிறோம். வெளியே இவ்வளவு நியாயம் பேசுகிற நாம், உள்ளே ஆளைப் பார்க்கும்போது மட்டும் மொத்த எண்ணிக்கையைத் தலையில் கட்டிவிடுகிறோம்.

அவன் கணக்கில் விழுந்ததிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போர் 32 மில்லிமீட்டர், மேல்பக்கம் 0.025 வரை விடலாம், கீழ்ப்பக்கம் விடவே கூடாது. அளவு குறைவாக நின்றால் மறுபடி ஏற்றி ஓட்டிச் சரிசெய்துவிடலாம். கூடிவிட்டால் ஸ்கிராப்தான். கெட்டிக்கார ஆபரேட்டர் இன்செர்ட் மாற்றியதும் முதல் பீஸைக் கொஞ்சம் குறைவாக எடுத்து, பிளக் கேஜ் போட்டுப் பார்த்து, அப்புறம் ஆஃப்செட்டை ஏற்றுவார். ஆகவே ரீவொர்க் வந்தவரையும் ஸ்கிராப் வந்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ரீவொர்க் கொஞ்சம் அதிகமாக வருகிறவர் ஜாக்கிரதையாக ஓட்டுகிறவராகவும் இருக்கலாம்.

பீஸ் எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடுவதும் இதே மாதிரிதான் ஏமாற்றும். என்னிடம் செட்டிங் போடுகிற சீனியர் ஆபரேட்டர் வாரத்துக்கு ஐந்தாறு புது ஜாப் செட் பண்ணுவார். அந்த நேரத்தில் மெஷின் நின்றுகொண்டுதான் இருக்கும். மாத எண்ணிக்கையில் அந்தத் தம்பிதான் மேலே நிற்பான், ஏனென்றால் அவனுக்கு ஒரே புஷ் மாதம் முழுக்க ஓடும். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் அடுத்த மாதமே சின்ன லாட் ஜாப்பை யாரும் தொடமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, எண்ணிக்கையே இல்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. டிரில்லிங், டேப்பிங் முடித்துவிட்டு இன்ஸ்பெக்ஷன் பார்க்கிற அக்காவுக்கு நான் வருடக்கணக்காக ஆகக் குறைவாக ஏற்றியிருக்கிறேன். “உட்கார்ந்து அளக்கிற வேலைதானே” என்று நினைப்பு. ஒருமுறை அவர் பத்து நாள் லீவில் போனபோது நானே மைக்ரோமீட்டரை எடுத்து, மூன்றில் ஒன்று பார்த்து அனுப்பினேன். லாட் முழுசாகத் திரும்பி வந்தது, வண்டி வாடகையோடு. அவர் தடுத்த தவறுகள் எதுவும் வெளியே போகாததால், அப்படித் தடுத்தார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அப்புறம் அவர் தனியாக ஒரு பேப்பரில் தினமும் எத்தனை பீஸ் பிடித்தார் என்று எழுத ஆரம்பித்தார். ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று கூலியைப் பிரிக்கக் கூடாதென்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. நம் பட்டறைகளில் அது மீறப்படுவது பெரும்பாலும் இந்த “உட்கார்ந்து பார்க்கிற வேலை” என்ற பெயரில்தான்.

நான்கு தலைப்பு, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை

நான் நான்கு தலைப்பில்தான் பார்க்கிறேன்: தரம், வருகையும் நேரமும், கைவசம் உள்ள வேலை, பொறுப்பு. கைவசம் என்றால் பட்டறையில் எத்தனை மெஷினில் துணையில்லாமல் நிற்க முடியும் என்பது. பொறுப்பு என்றால் மெஷின் பராமரிப்பு, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, கோளாறை மறைக்காமல் சொல்வது.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பத்துக்குப் போட்டால் எல்லாருக்கும் ஏழோ எட்டோ போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவோம். 0, 1, 2, 3 என்றால் நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன அர்த்தம் என்பதை வருடத் தொடக்கத்திலேயே எழுதி எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். தரத்துக்கு, சி.என்.சி. ஓட்டுகிறவர்களுக்கு நான் எழுதியது இது:

- 3: முதல் பீஸும், பிறகு பத்துக்கு ஒன்றும் தானாகவே அளந்து எழுதுகிறார். அவர் கைத் தவறு கஸ்டமர் வரை போகவில்லை.
- 2: அளக்கிறார், சில நாள் விட்டுப்போகிறது. தவறுகள் பட்டறைக்குள்ளேயே பிடிபட்டுவிடுகின்றன.
- 1: சொன்னால்தான் அளக்கிறார். அவர் கைத் தவறு ஓரிரு முறை கஸ்டமரிடம் போயிருக்கிறது.
- 0: தெரிந்தே தவறான பீஸைக் கலந்து விட்டிருக்கிறார்.

ஹெல்பருக்கு இதே வாசகம் பொருந்தாது. அவருக்குத் தரம் என்றால் பர் எடுப்பது, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவுவது, நல்லதையும் ரிஜெக்டையும் கலக்காமல் வைப்பது. தலைப்பு ஒன்றாகவே இருக்கட்டும், விளக்கத்தை அவரவர் வேலைக்குத் தகுந்தபடி எழுதுங்கள்.

வருகைக்கு ஒரு குறிப்பு. சொல்லிவிட்டு எடுத்த லீவு, காய்ச்சல், பட்டறையிலேயே பட்ட காயம் இவற்றைக் கழிக்கவே கூடாது. எங்கள் ஹெல்பர் பீகார் பையன். சட் பூஜைக்கு 20 நாள் ஊருக்குப் போனான், ஆனால் இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட்டைக் காட்டிவிட்டுத்தான் போனான். சொன்ன தேதியில் திரும்பியும் வந்தான். அவனுக்கு வருகையில் முழு மதிப்பெண்.

மதிப்பெண் போடும்போது ஆளை எடுத்துக்கொண்டு நான்கு தலைப்பையும் முடிக்காதீர்கள். தலைப்பை எடுத்துக்கொண்டு ஐந்து பேரையும் முடியுங்கள். ஒருவரை எடுத்தால், தரத்தில் 3 போட்ட கை பொறுப்பிலும் 3 போடும். தரம் என்று மட்டும் எடுத்து ஐந்து பக்கத்தையும் புரட்டினால் அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியும். போட்டு முடித்ததும் ஒரு இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். சொந்தக்காரப் பையன் யாராவது இருந்தால் அவன் வரியை இரண்டு தடவை பாருங்கள்.

எனக்கு வந்தது இது:

| ஆள் | தரம் | வருகை | கைவசம் | பொறுப்பு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| மூத்த டர்னர் | 3 | 3 | 2 | 0 | 8 |
| செட்டர் | 2 | 1 | 3 | 2 | 8 |
| ஆபரேட்டர் தம்பி | 2 | 2 | 1 | 2 | 7 |
| இன்ஸ்பெக்ஷன் அக்கா | 3 | 3 | 1 | 3 | 10 |
| ஹெல்பர் | 1 | 3 | 1 | 2 | 7 |

பணமாக மாற்றுவது

அப்போது ஐந்து பேர் சம்பளம்: டர்னர் 28,000, செட்டர் 26,000, தம்பி 19,000, அக்கா 17,000, ஹெல்பர் 15,000. மொத்தம் 1,05,000. வருடக் கணக்கைப் பார்த்ததில் மாதம் 8,700 ரூபாய் கூடுதலாகத் தாங்கும் என்று வந்தது. அதில் 300-ஐ எடுத்துத் தனியாக வைத்தேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மிச்சம் 8,400.

இதை இரண்டாகப் பிரித்தேன். முதல் பங்கு விலைவாசிக்கு, எல்லாருக்கும் ஒரே தொகை: ஆளுக்கு 800, மொத்தம் 4,000. இதைச் சதவீதமாகக் கொடுக்கவில்லை. சிலிண்டர் விலை டர்னருக்கும் ஹெல்பருக்கும் ஒன்றுதான். இந்தப் பங்குக்கு மதிப்பெண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது பங்கு வேலைக்கு: 4,400. மொத்த மதிப்பெண் 40. ஒரு மதிப்பெண்ணுக்கு 110 ரூபாய். டர்னருக்கும் செட்டருக்கும் 880, தம்பிக்கும் ஹெல்பருக்கும் 770, அக்காவுக்கு 1,100. முதல் பங்கோடு சேர்த்தால் 1,680, 1,680, 1,570, 1,570, 1,900. அக்காவுக்கு ஏன் கூட என்று யார் கேட்டாலும் அட்டவணையைக் காட்டலாம்.

இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. செட்டர் உடனே பிடித்துவிட்டார்: “எனக்கு ஆறரை பர்சென்ட், ஹெல்பருக்குப் பத்தரை பர்சென்ட்டுங்களா?” உண்மைதான். இப்படியே வருடாவருடம் போனால் கைத்தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு நான் இரண்டு காரியம் செய்கிறேன். யாராவது புதிதாக ஒரு மெஷினில் துணையில்லாமல் நிற்க ஆரம்பித்தால், ஏப்ரல் வரை காத்திராமல் அந்த மாதமே தனியாக ஒரு படி ஏற்றிவிடுகிறேன். இரண்டாவது, சுற்றுவட்டாரத்தில் செட்டருக்கு என்ன ரேட் போகிறது என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாலு பட்டறையில் விசாரிக்கிறேன். வெளியே 30,000 போகும்போது நான் 27,000-இல் நின்றுகொண்டு மதிப்பெண்ணைக் காட்டினால் அவர் தங்கமாட்டார். அந்த இடைவெளியைத் தனியாகத்தான் அடைக்க வேண்டும், மதிப்பெண்ணை ஊதிப் பெரிதாக்கி அடைக்கக் கூடாது.

உட்கார்ந்து பேசுவது

ஆளுக்கு அரைமணி நேரம். சனிக்கிழமை மெஷின் துடைத்த பிறகு, ஆபீஸ் ரூமில், போனை வெளியே வைத்துவிட்டு. டீக்கடையில் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள். ஹெல்பருக்குத் தமிழ் அரைகுறை, அதனால் பக்கத்துப் பட்டறையில் இந்தி தெரிந்த ஒருவரை அழைத்து உட்கார வைத்தேன். கூட வேலை செய்கிறவரை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது.

முதலில் அவர் பேச வேண்டும். நான் கேட்பது மூன்று கேள்விதான்: இந்த வருடம் எந்த ஜாப் ரொம்பப் படுத்தியது? நான் செய்த எது உங்கள் வேலையைக் கெடுத்தது? அடுத்து எந்த மெஷினைக் கற்றுக்கொள்ள ஆசை? இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வராது. தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருங்கள், வரும். அதற்கப்புறம் நோட்டு, அப்புறம் மதிப்பெண், கடைசியில் தொகை. தொகையை முதலில் சொல்லிவிட்டால் மீதியை யாரும் கேட்கமாட்டார்கள்.

டர்னர் அண்ணனோடு பேசியதுதான் கஷ்டமாக இருந்தது. என் அப்பா காலத்து ஆள். பொறுப்பில் பூஜ்யம் என்றதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“முப்பது வருசமா லேத்துல நிக்கறேன். இப்பப் போயி எனக்கு முட்டை போடறீங்களா தம்பி?”

“கை சுத்தத்துக்கு மூணு போட்டிருக்கேனுங்கண்ணா. லீவே போடாததுக்கும் மூணு. ஆனா ரெண்டு வருசமா ஹெல்பர் பையனுக்கு லேத் சொல்லிக்குடுங்கன்னு கேட்டுட்டிருக்கேன். மார்ச், ஜூன், அக்டோபர், மூணு தடவை எழுதியிருக்கேன். நீங்க பக்கத்துலயே விடலைங்களே.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “முன்னாடி இருந்த பட்டறையில ஒரு பையனுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தேன். அவன் கத்துக்கிட்டதும் எனக்குக் குடுக்கறதுல பாதியை அவனுக்குக் குடுத்துட்டு, என்னை வேண்டாம்னுட்டாங்க.”

நான் அதுவரை அதைத் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண்ணை மாற்றவில்லை, ஏனென்றால் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: சொல்லிக்கொடுக்கும் மாதங்களில் தனியாக 500 ரூபாய், பையன் கற்றுக்கொண்டபின் அவரை வேலையை விட்டு அனுப்புவதோ அவர் சம்பளத்தைக் குறைப்பதோ நடக்காது. ஜூன் மாதம் பையன் அவர் பக்கத்தில் நின்று ஃபேஸிங் எடுத்துக்கொண்டிருந்தான்.

கடிதம், அப்புறம் அந்த 300 ரூபாய்

பேசி முடித்ததும் ஒரு பக்கக் கடிதம். பழைய சம்பளம், புதுச் சம்பளம், எந்தத் தேதியிலிருந்து, நன்றாகச் செய்தது ஒன்று, அடுத்த வருடத்துக்குள் மாற வேண்டியது ஒன்று, அதற்கு நான் செய்யப்போவது ஒன்று. தம்பி கடிதத்தில் அந்தக் கடைசி வரி “ஜா கோளாறு சொன்னால் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொடுப்பேன்” என்பது. இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. ஜூலையிலும் நவம்பரிலும் கடிதத்தை எடுத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டால் போதும்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு வாரம் அவகாசம் கொடுக்கிறேன். மதிப்பெண் தவறென்றால் நடந்த சம்பவத்தைக் காட்டலாம், காட்டினால் மாற்றுவேன். ஆனால் ஒருவருக்கு ஒரு மதிப்பெண் கூடினால் மொத்தம் 41 ஆகி, மற்ற நால்வருக்குச் சொன்ன தொகையைக் குறைக்க வேண்டிவரும். அதற்காகத்தான் அந்த 300 ரூபாய்.

செட்டர் மூன்றாம் நாள் வந்தார். வருகையில் அவருக்கு நான் போட்டது 1. வருடத்தில் பதினோரு நாள் லேட் என்று நோட்டில் இருந்தது. அவர் தன் போனில் பழைய மெசேஜ்களைக் காட்டினார். அந்தப் பதினொன்றில் ஏழு நாள், முந்தின இரவு பதினோரு மணிவரை அவசர ஜாப்புக்கு செட்டிங் போட்டிருக்கிறார். முதல் பீஸ் போட்டோவை எனக்கே அனுப்பியிருக்கிறார், நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். நோட்டில் வந்த நேரத்தை மட்டும் எழுதினேனே தவிர, போன நேரத்தை எழுதவே இல்லை.

1-ஐ அடித்து 2 போட்டேன். 110 ரூபாய் அந்த 300-இலிருந்து போனது. அவர் கடிதத்தில் 27,790 என்று ஏறியது. நோட்டில் வந்த நேரத்துக்குப் பக்கத்தில், கிளம்பிய நேரத்துக்கும் ஒரு கோடு போட்டுவிட்டேன்.